போட்ட கணக்கைப் பிறரிடம் காட்டிச் சரிபார்ப்பது: இரண்டு வருட அனுபவம்

நாற்பதைத் தாண்டிய பிறகு, வேலை முடிந்து வந்து ராத்திரியில் நிகழ்தகவு படிக்கிறவன் நான். பாடத்தில் பாதிக் கணக்குகளுக்குத்தான் விடை இருக்கிறது. மீதியைச் சக மாணவர்களிடம் காட்டித்தான் சரிபார்க்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பது பிடிபடவே எனக்குப் பல மாதங்கள் ஆயின.

ஒரு கணக்கு: 5 ஆண்கள், 4 பெண்களிலிருந்து 3 பேர் கொண்ட குழு. குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். எத்தனை விதமாக அமைக்கலாம்? "112 வருகிறது, சரியா?" என்று கேட்டேன். "இல்லை, 74" என்று பதில் வந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது, கேட்டதற்குத்தான் பதில். ஆனால் எங்கே பிசகினேன் என்பது தெரியவில்லை.

மறுநாள் வேறு மாதிரி எழுதினேன்:

"வணக்கம். முதலில் ஒரு பெண்ணை 4 விதமாக எடுத்தேன். மீதி 8 பேரில் இருவரை C(8,2) = 28 விதமாக எடுத்தேன். 4 × 28 = 112. ஆனால் நிபந்தனையே இல்லாவிட்டாலும் மொத்தக் குழுக்கள் C(9,3) = 84 தானே! முழு விடை வேண்டாம், எந்தப் படி தவறு என்று மட்டும் நேரம் கிடைக்கும்போது சொல்ல முடியுமா?"

இந்த முறை வந்த பதில் வேறு ரகம். "கமலாவை முதலில் எடுத்து, பிறகு மீனாவையும் ரவியையும் சேர்க்கிறீர்கள். இன்னொரு தடவை மீனாவை முதலில் எடுத்து, கமலாவையும் ரவியையும் சேர்க்கிறீர்கள். இரண்டும் ஒரே குழு இல்லையா?"

அப்புறம் நானே பிரித்து எண்ணினேன். ஒரு பெண் உள்ள குழுக்கள் 40, இரு பெண்கள் 30, மூன்று பெண்கள் 4, கூட்டினால் 74. என் வழியில் இரு பெண்கள் உள்ள குழு இரண்டு தடவையும், மூவர் உள்ளது மூன்று தடவையும் எண்ணப்பட்டிருக்கிறது. 40 + 60 + 12, அதே 112! தவறான விடை எங்கிருந்து வந்தது என்று கணக்கே சொல்லிவிட்டது. ஆண்கள் மட்டுமே உள்ள 10 குழுக்களை 84-இலிருந்து கழித்தாலும் 74 தான்.

இதில் ஒரு குறையும் உண்டு. ஒருமுறை இதே மாதிரிக் கணக்கு ஒன்றில் இரண்டு பேர் "எங்களுக்கும் அதே விடைதான்" என்றார்கள். மூவருமே இரண்டு தடவை எண்ணியிருந்தோம். அதற்குப் பிறகு, அனுப்புமுன் எண்களைச் சிறிதாக்கிப் பார்க்கிறேன். 2 ஆண்கள், 2 பெண்கள், இருவர் குழு என்றால் கையாலேயே பட்டியல் போடலாம், 5 வரும். என் பழைய வழி 2 × 3 = 6 என்கிறது. மொத்தமே 6 ஜோடிகள்தான், அதில் ஆண்கள் ஜோடி ஒன்று கூடாது. தவறு அங்கேயே மாட்டிக்கொள்கிறது. இப்படிப் பார்த்தும் பிடிபடாத கணக்கை மட்டுமே இப்போது அனுப்புகிறேன், வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ.