சோதித்துவிட்டு ஊசியா, ஊசி போட்டுவிட்டுப் பார்ப்பதா?

தண்டையார்பேட்டையிலிருந்து 58 வயது அம்மா ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிறுநீரகத்தில் தொற்று, அதனால் ரத்த அழுத்தம் சரிந்து ஷாக், எடை 60 கிலோ. ஆன்டிபயாட்டிக் போயாகிவிட்டது, சலைனும் தேவையான அளவு ஏறிவிட்டது. ஆனாலும் சராசரி ரத்த அழுத்தத்தை 65-இல் நிறுத்த, ரத்தக்குழாய்களை இறுக்கும் நார்அட்ரினலின் நிமிடத்துக்கு 15 மைக்ரோகிராம் தேவைப்படுகிறது. 50 மில்லியில் 4 மில்லிகிராம் கலந்த சிரிஞ்ச் பம்பில் மணிக்குப் பதினொன்றேகால் மில்லி. நாலு மணி நேரமாகியும் பம்பைக் குறைக்க முடியவில்லை. இனி ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி கொடுப்பதா?

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பழைய வழி, முதலில் அட்ரீனல் சுரப்பியைச் சோதிப்பது. அது சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனை அளக்க ரத்தம் எடுத்துவிட்டு, சுரப்பியைத் தூண்டும் கார்ட்டிகோட்ரோபின் ஊசி 250 மைக்ரோகிராம் போட வேண்டும். அரை மணியிலும் ஒரு மணியிலும் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். கார்ட்டிசால் 9 மைக்ரோகிராமுக்கு மேல் உயராவிட்டால் சுரப்பி திணறுகிறது என்று பொருள். அவர்களுக்கு மட்டும் ஹைட்ரோகார்ட்டிசோன். 2002-இல் அன்னானே குழு பிரான்சில் நடத்திய ஆய்வுதான் இதற்கு அடித்தளம். சோதனையில் உயராதவர்களில், மருந்து பெறாதவர்கள் 63 சதவீதமும் மருந்து பெற்றவர்கள் 53 சதவீதமும் இறந்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் அம்மாவுக்கு முதல் அளவு 24, ஊசிக்குப் பிறகு 31 என்று வந்தால்? உயர்வு 7 மட்டுமே, கணக்குப்படி குறைபாடு. ஆனால் 31 என்பது நல்ல உயரமான கார்ட்டிசால். தீவிர நோயில் உடல் கார்ட்டிசாலைச் சிதைப்பதையே குறைத்துக்கொள்கிறது. அதனால் சுரப்பு பெரிதாகக் கூடாமலே ரத்தத்தில் அளவு ஏறி நிற்கும். இன்னொரு பக்கம், கார்ட்டிசாலைச் சுமக்கும் புரதங்கள் இந்த நோயாளிகளிடம் குறைந்துபோகும். லேப் அளப்பது மொத்த கார்ட்டிசால்; வேலை செய்வது புரதத்தில் ஒட்டாத சிறு பங்கு. இரண்டும் சேர்ந்து எண்ணைக் குழப்பிவிடும். 2008-இல் வந்த கார்ட்டிகஸ் ஆய்வில் சோதனையில் உயர்ந்தவர், உயராதவர் இருவரிலும் ஹைட்ரோகார்ட்டிசோன் மரணத்தைக் குறைக்கவில்லை. ஆனால் ஷாக் சீக்கிரம் தணிந்தது, அதுவும் இரு பிரிவிலுமே. யாருக்கு மருந்து உதவும் என்று இந்தச் சோதனை பிரித்துக் காட்டவில்லை.

இரண்டாவது வழி, நார்அட்ரினலின் அளவையே சோதனையாக வைத்துக்கொள்வது. கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.25 மைக்ரோகிராம், குறைந்தது நாலு மணி நேரம்: 2021 சர்வதேச வழிகாட்டுதல் சொல்வது இதுதான். நம் அம்மா சரியாக அந்தக் கோட்டில் நிற்கிறார். ஹைட்ரோகார்ட்டிசோன் 50 மில்லிகிராம் ஆறு மணிக்கொரு முறை, நாளைக்கு 200. ரத்தக்குழாய்கள் நார்அட்ரினலினுக்கு மறுபடி செவிசாய்க்கத் தொடங்கும் என்பதே எதிர்பார்ப்பு. உயிர் காக்குமா? 2018-இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அட்ரீனல் என்றே பெயரிட்ட ஆய்வில் 90 நாள் மரணம் மருந்து பெற்றவர்களில் 27.9 சதவீதம், பெறாதவர்களில் 28.8; வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ஷாக் மட்டும் சராசரியில் ஒரு நாள் முன்னதாகத் தீர்ந்தது. ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்த பிரெஞ்சு ஆய்வில் மருந்து பெற்றவர்களில் 43 சதவீதம், பெறாதவர்களில் 49. அந்த மாத்திரையால்தான் வித்தியாசமா, நோயாளிகள் இன்னும் மோசமாக இருந்ததாலா என்று இன்னும் சண்டை ஓய்வதில்லை.

நான் இரண்டாவது வழிக்காரன். வடசென்னையில் நான் பார்த்த சிறிய ஐ.சி.யூ.க்களில் கார்ட்டிசால் ரத்தம் வெளி லேபுக்குப் போய்த்தான் திரும்பும். அதற்குள் பம்ப் 20 மைக்ரோகிராமைத் தாண்டிவிடும். பம்பே தட்டுப்பாடு என்பதால் சொட்டாக ஏற்றுவதைவிட ஆறு மணிக்கொரு ஊசியே வசதி. என்ன, சர்க்கரை ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் எகிறும், சோடியமும் ஏறும். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த அளவுகோல் எதுவும் பொருந்தாது. அந்த அம்மாவின் மகன் சாவகாசமாகச் சொல்வார்: "முட்டி வலிக்கு மெடிக்கல்ல ஒரு மாத்திரை வாங்கிப் போடும் சார், ரொம்ப நாளா." அந்தக் கவரைப் பிரித்தால் பல சமயம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கும். இது தீவிர நோயால் வந்த ஒப்பீட்டுக் குறைபாடு இல்லை. சுரப்பியே தூங்கிப்போன உண்மையான குறைபாடு. இங்கே நாலு மணி நேரம் காத்திருப்பதே தவறு. சந்தேகம் வந்த உடனே 100 மில்லிகிராம் போட்டுவிட்டு, அப்புறம் நாளைக்கு 200 என்று தொடர வேண்டும்.

நிறுத்துவதிலும் இருவருக்கும் வித்தியாசம் உண்டு. ஒப்பீட்டுக் குறைபாட்டில் நார்அட்ரினலின் நின்றபின் நிறுத்திவிடலாம்; நிறுத்தியதும் அழுத்தம் சரிந்தால் மறுபடி தொடங்க வேண்டும். மாத்திரைக்காரருக்கோ ஷாக் தீர்ந்தாலும் ஊசியை அப்படியே நிறுத்தக் கூடாது. வாய்வழி ஸ்டீராய்டுக்கு மாற்றி, மெல்லக் குறைத்து, டிஸ்சார்ஜ் சீட்டில் அதைத் தெளிவாக எழுதிக்கொடுக்க வேண்டும்.