புது பேட்டரி என்று பழையதைப் போட்டார்கள். என் ரிவ்யூ அவர்களைத்தான் காப்பாற்றியது

லேப்டாப் பேட்டரி மாற்றக் கொடுக்கப் போகிறவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை. ஏமாந்த கோபத்தில் ஒற்றை நட்சத்திரம் போடத் தயாராக இருப்பவர்களும் படியுங்கள். கடைக்காரர் என்னை ஏமாற்றியது பாதிக் கதைதான். மீதிப் பாதியை நானே கெடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 24 அன்று லேப்டாப்பைக் கொடுத்தேன். சார்ஜ் நிற்கவில்லை, பேட்டரி மாற்ற வேண்டும் என்றார்கள், சரி என்றேன். மார்ச் 3 அன்று திரும்பி வந்தது. பில்லில் "பேட்டரி, புதியது, 6 மாத வாரண்டி" என்று தெளிவாக எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து முழுதாகச் சார்ஜ் போட்டு எடுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் அணைந்துவிட்டது. மறுநாள் காலையிலும் அதே கதை. போன் செய்தேன். "சார், புது பேட்டரி செட் ஆக ரெண்டு நாள் ஆகும்" என்றார் ஒருவர். மதியம் திரும்பக் கூப்பிட்டபோது வேறொருவர், "உங்க சார்ஜர்ல பிரச்சனை இருக்கும் சார்" என்றார். மூன்றாவது முறை யாரும் எடுக்கவில்லை.

அன்று மாலை கூகுள் மேப்ஸில் நான் எழுதியது இது:

"திருட்டுக் கூட்டம்!!! பேட்டரியை மாத்தவே இல்லை, சும்மா திறந்து மூடிட்டு காசு வாங்கிட்டாங்க. வாயைத் திறந்தாலே பொய். இங்க யாரும் போகாதீங்க, நாசமாப் போவீங்க."

எழுதி முடித்ததும் மனசு லேசாக இருந்தது. அந்த லேசு 3 மணி நேரம்தான் நீடித்தது. உரிமையாளர் பதில் போட்டார், மிகவும் மரியாதையாக: "வணக்கம். உங்கள் லேப்டாப்பில் பேட்டரி மாற்றப்பட்டது. மாற்றும்போது எடுத்த படம் எங்களிடம் உள்ளது. தவறான தகவல் பரப்ப வேண்டாம்."

அவர் சொன்னது உண்மை. பேட்டரியை மாற்றித்தான் இருந்தார்கள்.

அது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் பயன்படும். விண்டோஸ் லேப்டாப் என்றால் கமாண்ட் ப்ராம்ட் திறந்து இதை அடியுங்கள்:

```
powercfg /batteryreport
```

ஒரு கோப்பு உருவாகும், எங்கே இருக்கிறது என்று திரையிலேயே காட்டும். பிரவுசரில் திறந்து Installed batteries பகுதியைப் பாருங்கள். DESIGN CAPACITY என்பது பேட்டரி தயாரானபோது இருந்த கொள்ளளவு. FULL CHARGE CAPACITY என்பது இன்றைக்கு அது முழுதாக எவ்வளவு பிடிக்கிறது என்பது. CYCLE COUNT என்பது எத்தனை முறை முழுதாகத் தீர்ந்திருக்கிறது என்ற கணக்கு. இரண்டு தடவை பாதிப் பாதியாகத் தீர்ந்தாலும் ஒரு சுற்றுதான். என்னுடையதில் முதல் எண் 48,000 mWh, இரண்டாவது 29,760, சுற்று 391.

அதாவது, "புதிய" பேட்டரி 62 சதவீதம்தான் பிடிக்கிறது. 391 சுற்று ஓடியிருக்கிறது. என் கைக்கு வந்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. எவ்வளவு உருட்டி மிரட்டி ஓட்டினாலும் இரண்டு நாளில் விரல் விட்டு எண்ணும் சுற்றுக்கு மேல் தாண்டாது.

அதே அறிக்கையில் கீழே Battery capacity history என்று ஒரு பகுதி உண்டு. அதில் பிப்ரவரி நடுவில் வரை DESIGN CAPACITY 52,500 என்றும், லேப்டாப் கடையிலிருந்து வந்த வாரத்திலிருந்து 48,000 என்றும் இருந்தது. வேறு பேட்டரி உள்ளே போயிருக்கிறது. ஆக, "மாத்தவே இல்லை" என்று நான் எழுதியது தவறு. மாற்றினார்கள், ஆனால் ஏற்கெனவே யாரோ பயன்படுத்தியதைப் போட்டிருக்கிறார்கள். நான் சொன்ன நான்கு வாக்கியத்தில் சரிபார்க்கக்கூடியது ஒன்றே ஒன்று, அதுவும் பொய்யாகிப்போனது. உரிமையாளர் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இரண்டு நாளில் அந்த ரிவ்யூவும் காணாமல் போனது. கடைக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் கூகுள் ரிவ்யூவை நீக்குவதில்லை. ஆனால் வசை, தனிமனிதத் தாக்குதல் இருந்தால் கடைக்காரர் புகார் செய்து நீக்கவைக்க முடியும். அதற்கான காரணத்தை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். "திருட்டு" என்பது வெறும் திட்டும் இல்லை, ஒரு குற்றச்சாட்டு. உரிமையாளருக்குத் தெரிந்தே பழையதைப் போட்டார்களா, சப்ளையர் அவரை ஏமாற்றினாரா, கடைப் பையன் மாற்றி வைத்தானா, எனக்கு எதுவும் தெரியாது. தெரியாததை எழுதி, அவர் அவதூறு என்று கிளம்பினால் நிரூபிக்க வேண்டியது நான்.

அப்புறம் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் என் கண்ணால் பார்த்தது: பில்லில் இருக்கும் வரி, அறிக்கையில் இருக்கும் மூன்று எண்கள், போன் செய்த நேரங்கள், அவர்கள் சொன்ன பதில்கள். வலது பக்கம் நானாக முடிவு செய்தது: திருடர்கள், வேண்டுமென்றே செய்தார்கள், எல்லோரிடமும் இப்படித்தான். வலது பக்கம்தான் நீளமாக இருந்தது! வலது பக்கத்திலிருந்து ஒரு சொல்லைக்கூடப் புகாரில் சேர்க்கவில்லை.

இடது பக்கத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. பேட்டரிக்குள் இருக்கும் சிப் FULL CHARGE CAPACITY-ஐக் கணித்துத்தான் சொல்கிறது, நேரடியாக அளந்து அல்ல. புதிதாகப் போட்ட பேட்டரியில் ஆரம்பத்தில் அந்தக் கணிப்பு தப்பலாம். "செட் ஆக ரெண்டு நாள் ஆகும்" என்று அவர்கள் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. அதனால் ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, தீரும்வரை ஓட்டி, மறுபடி ஏற்றி, அறிக்கையைத் திரும்ப எடுத்தேன். 29,810 வந்தது. பெரிய மாற்றமில்லை. சுற்று எண் 392. அவர்கள் சொல்லப்போகும் சாக்குக்கு முன்கூட்டியே பதில் தயார். சில லேப்டாப்பில் சுற்று எண் இருக்கும் இடத்தில் வெறும் கோடு மட்டும் காட்டும், அப்போது கொள்ளளவை வைத்துத்தான் பேச முடியும்.

மார்ச் 8 அன்று கடையின் மின்னஞ்சலுக்கு அனுப்பியது இது. பொதுவெளியில் எதுவும் போடவில்லை.

"பில்லின் படத்தை இணைத்துள்ளேன். பிப்ரவரி 24 அன்று கொடுத்த லேப்டாப்பை மார்ச் 3 அன்று பெற்றேன். பில்லில் 'பேட்டரி, புதியது, 6 மாத வாரண்டி' என உள்ளது. மார்ச் 5, மார்ச் 7 ஆகிய இரு நாட்களிலும் எடுத்த பேட்டரி அறிக்கைகளை இணைத்துள்ளேன். இரண்டாவது அறிக்கை ஒரு முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகு எடுத்தது. அதன்படி பேட்டரி 392 சுற்று பயன்பட்டுள்ளது, 62 சதவீதம் மட்டுமே பிடிக்கிறது. இது பில்லில் உள்ள விவரத்துடன் பொருந்தவில்லை. பேட்டரி மாற்றப்படவில்லை என்று மார்ச் 4 அன்று நான் எழுதியது தவறு, அதைத் திருத்திக்கொள்கிறேன். இரண்டில் ஒன்றைச் செய்து தரக் கேட்கிறேன்: புதிய பேட்டரி பொருத்தி, என் முன்னால் இதே அறிக்கையை எடுத்துக் காட்டவும். அல்லது பேட்டரிக்கான தொகையைத் திருப்பித் தரவும், வேலைக்கூலியை நான் கேட்கவில்லை. மார்ச் 18-க்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால் இதே விவரங்களுடன் நுகர்வோர் புகார் அளிப்பேன்."

"ஏமாற்றிவிட்டீர்கள்" என்று ஓர் இடத்தில்கூட இல்லை, கவனித்தீர்களா? "பொருந்தவில்லை" என்றுதான் இருக்கிறது. அதை மறுக்க வேண்டுமென்றால் அவர் ஒரு தாளைக் காட்டியாக வேண்டும். "திருடன்" என்பதை மறுக்க வாய் போதும். என் தவறை ஒப்புக்கொண்ட வரியை நண்பர் ஒருவர் வேண்டாம் என்றார், பலவீனமாகத் தெரியுமாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் அந்தப் படம். அந்த வரியோடு அது செல்லாக்காசு ஆகிவிட்டது.

கேட்பதை அளவாகக் கேட்டதும் வேலை செய்தது. முதலில் மொத்தப் பணமும் மன உளைச்சலுக்கு இழப்பீடும் என்றுதான் எழுதி வைத்திருந்தேன். கடையில் அந்த மின்னஞ்சலைப் படிப்பவருக்கு உடனே "சரி" என்று சொல்லக்கூடிய ஒன்று வேண்டும். பேட்டரி மாற்றித் தருவது அவர் கையில் இருக்கிறது. என் மன உளைச்சலுக்கு விலை போடுவது இல்லை.

மார்ச் 10 அன்று உரிமையாளரே கூப்பிட்டார். சப்ளையர் அனுப்பியது அப்படி என்றார். நம்புவதா வேண்டாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, அதனால் எங்கேயும் எழுதவும் இல்லை. பேசியதைச் சுருக்கி அன்றே மின்னஞ்சலில் அனுப்பி, "நாம் பேசியது இதுதானே" என்று கேட்டு, "ஆம்" வாங்கி வைத்தேன். 14-ஆம் தேதி வேறு பேட்டரி போட்டார்கள். என் முன்னாலேயே அறிக்கை எடுத்தோம்: சுற்று 1, கொள்ளளவு கிட்டத்தட்ட முழுசு. (சுற்று எண்ணை அழித்து பழையதைப் புதிதாகக் காட்டும் வேலையும் இந்தத் தொழிலில் உண்டு. அதனால் கொள்ளளவு எண்ணையும் சேர்த்தே பாருங்கள்.)

கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "ரிவ்யூ எதுவும் போடாம இருந்தா வாரண்டியை 1 வருஷமா எழுதித் தர்றேன் சார்" என்றார். வேண்டாம் என்றேன். காசோ சலுகையோ கொடுத்து மோசமான ரிவ்யூவைத் தடுப்பது அந்தத் தளத்தின் விதிக்கே எதிரானது. அதோடு, அதை வாங்கிக்கொண்டால் அடுத்து அங்கே போகிறவருக்கு நான் என்ன சொல்வது?

பிறகு போட்டது இதுதான், 2 நட்சத்திரத்துடன்: "பில்லில் புதிய பேட்டரி என்று இருந்தது. அறிக்கையில் 392 சுற்று, 62 சதவீதம். மின்னஞ்சலில் புகார் அளித்த 2 நாளில் அழைத்தார்கள், 6 நாளில் மாற்றித் தந்தார்கள். பேட்டரி மாற்றினால் கடையிலேயே powercfg /batteryreport எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்." கூடவே அறிக்கையின் படம், சீரியல் எண்ணை மறைத்து.

என் முதல் ரிவ்யூவுக்கு 3 மணி நேரத்தில் பதில் போட்ட உரிமையாளர் இதற்கு இதுவரை ஒன்றும் எழுதவில்லை. ரிவ்யூ அப்படியே இருக்கிறது.