கூரையில் சோலாரா, கூடத்தில் பிஎல்டிசி ஃபேனா?

ஈரோட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஆகும், பில் 1,100 ரூபாய்க்குக் கிட்ட வரும். பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் ஒரு பில்லுக்கு 40 யூனிட் குறையும், அதுவும் ஐந்து ரூபாயை ஒட்டிய மேல் அடுக்கிலேயே குறைவதால் போட்ட 3,000 ரூபாய் மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடும்.

சோலார்? இரண்டு கிலோவாட் போட்டால் தினம் எட்டு யூனிட் வரும், பில்லே இருக்காது, சரி. ஆனால் முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம், அடுத்த நூறும் மலிவு. மத்திய அரசு மானியம் 60,000 போகக் கையிலிருந்து 70,000 போட்டால், அதை எடுக்கப் பத்து வருடம் தாண்டும். சித்திரை வெயிலுக்கு இரண்டு ஏசி ஓடி 500 யூனிட்டைத் தாண்டும் வீடென்றால் நான் சோலாரைத்தான் சொல்வேன்.