சைட்டில் ஐந்து வருடம் ஆன பிறகு: தொழில்நுட்ப மாஸ்டர்ஸா, ஒப்பந்தப் பக்கமா?

கொழும்பில் கட்டட சைட்டில் நான்கைந்து வருடம் நின்ற சிவில் பொறியியலாளர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று, மொறட்டுவையில் பகுதிநேரமாகக் கட்டமைப்பிலோ மண்ணியலிலோ மாஸ்டர்ஸ் செய்வது. மற்றது, ப்ரோக்ராம், ஒப்பந்தம், க்ளெய்ம் பக்கம் நகர்ந்து ப்ரொஜெக்ட் மனேஜர் ஆவது. கொன்ட்ராக்டரிடம் வேலை செய்பவர் இரண்டாவதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்பது என் பக்கம். மாஸ்டர்ஸ் பயனற்றது என்று சொல்லவில்லை. அது யாருடைய கையில் காசாகிறது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

பட்டயப் பொறியியலாளர் தகுதி இரண்டு வழிக்கும் பொது. அதைத் தள்ளிப்போட்டுவிட்டு மாஸ்டர்ஸுக்குப் போவது பிழை. பி.எம்.பி. சான்றிதழும் அப்படித்தான். நான்கு வருடப் பட்டம் உள்ளவருக்கு 36 மாத ப்ரொஜெக்ட் தலைமை அனுபவமும் 35 மணிநேர வகுப்பும் கேட்பார்கள். வளைகுடாவுக்கு அனுப்பும் சி.வி.க்கு அது நல்லது. ஆனால் ஒப்பந்தத்தில் எந்த நாளுக்குள் எந்தக் கடிதம் போக வேண்டும் என்பதை அது கற்றுத்தராது.

ஒரே பிரச்சினையை இரண்டு நாற்காலியில் இருந்தும் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். கணக்குக்காக ஒரு கட்டடத்தை எடுப்போம். வெள்ளவத்தைப் பக்கம் 14 மாடிக் குடியிருப்பு, 800 மில்லிமீட்டர் விட்டத்தில் 96 துளைப் பைல்கள், ஒவ்வொன்றும் புதிய பாறைக்குள் 3 மீட்டர் இறங்க வேண்டும் என்று வரைபடம் சொல்கிறது. கொழும்பின் அடியில் இருப்பது பெரும்பாலும் நைஸ் பாறை. அது ஒரே மட்டத்தில் கிடப்பதில்லை, சிதைவும் இடத்துக்கிடம் வேறுபடும். இரண்டு போர்ஹோல்களுக்கு நடுவே பாறை சரிந்து போயிருக்கலாம், அல்லது கடினமான ஒரு படைக்குக் கீழே மறுபடியும் சிதைந்த பாறை வரலாம். நம் கட்டடத்தில் ஒரு மூலையில் 20 பைல்களுக்குப் பாறை 5 மீட்டர் ஆழமாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கொன்ட்ராக்டர் பக்கம். கூடுதல் கொங்கிரீட் 20 பைலுக்குமாக ஏறக்குறைய 50 கனமீட்டர். அளந்து கொடுக்கும் ஒப்பந்தத்தில், பைலுக்கு மீட்டர் விலை இருந்தால், இந்தக் காசு பில்லில் தானாக வந்துவிடும். தானாக வராதது நாள். ஒன்றரை நாளில் முடிய வேண்டிய பைல் இரண்டரை நாள் எடுத்தால், ஒரே ரிக்கில் 20 நாள் போய்விடுகிறது. பைலிங் க்ரிட்டிக்கல் பாதையில் இருந்தால் கட்டடம் முடிய 20 நாள் பிந்தும், பிந்திய ஒவ்வொரு நாளுக்கும் தாமத இழப்பீடு வெட்டப்படும். சைட் அலுவலகம், கிரேன், காவல், காப்புறுதி எல்லாவற்றின் செலவும் அந்த 20 நாளும் ஓடும்.

இதை மீட்பது ஒரு கடிதம். 1999 ஃபிடிக் சிவப்புப் புத்தகத்தின் 20.1 பிரிவின்படி, கொன்ட்ராக்டர் விஷயத்தை அறிந்த நாளிலிருந்து, அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, 28 நாளுக்குள் அறிவித்தல் போக வேண்டும். போகாவிட்டால் நீடிப்பும் இல்லை, மேலதிகக் காசும் இல்லை. விபரமான க்ளெய்ம் 42 நாளுக்குள் போக வேண்டும். பிரச்சினை தொடர்ந்துகொண்டிருந்தால் அது இடைக்கால க்ளெய்மாகி, மாதா மாதம் புதுப்பிக்கப்படும்.

பெரும்பாலும் பிழை நடக்கும் இடம் திகதிதான். முதல் ஆழப் பைல் மார்ச் 3 அன்று தெரிகிறது என்றால் கடைசி நாள் மார்ச் 31. "எத்தனை பைல் இப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு மொத்தமாக எழுதுவோம்" என்று சைட்டில் முடிவெடுத்தால், 20 பைலும் முடிய 50 நாள், அதாவது ஏப்ரல் 22. சித்திரைப் புதுவருடத்துக்கு ஆட்கள் ஊருக்குப் போகும் நாட்களைச் சேர்க்காமலே 22 நாள் பிந்திவிட்டது. நாள் எண்ணத் தொடங்குவது முதல் பைலிலிருந்து, இருபதாவதிலிருந்து அல்ல. முதல் பைலுக்கே ஒரு பக்கக் கடிதம் போதும். தொகை எழுதத் தேவையில்லை. எந்தப் பைல், எந்த மட்டம், போர்ஹோல் என்ன சொன்னது, எதனால் தாமதம் வரலாம் என்பது மட்டும் இருந்தால் சரி.

கடிதம் போன பிறகு பதிவு வேண்டும். ஒவ்வொரு பைலுக்கும் மீட்டருக்கு மீட்டர் துளைத்த நேரம், வெளியே வந்த மண்ணின் மாதிரி, ரிக் சும்மா நின்ற மணிகள், கன்சல்டன்டின் ஆள் அன்றைக்கே வைத்த கையொப்பம். எதிர்பாராத தரை நிலை பற்றிய, அதே புத்தகத்தின் 4.12 பிரிவில் வாதம் "அனுபவமுள்ள கொன்ட்ராக்டர் டெண்டர் நேரத்தில் இதை எதிர்பார்த்திருக்க முடியுமா" என்பதில் சுழலும். போர்ஹோல்கள் அருகருகே இருந்து, அவற்றிலேயே பாறை ஏறி இறங்கியிருந்தால், எதிர்பார்த்திருக்கலாம் என்று பதில் வரும். ஆகவே டெண்டரில் தந்த மண் அறிக்கையை அந்த 20 பைலின் இடத்தோடு ஒரே படத்தில் வரைந்து காட்ட வேண்டும். இங்கே க்ளெய்ம் எழுதுவது பெரும்பாலும் கியூ.எஸ். வேலை. ஆனால் இந்தப் படமும், எந்தத் தாமதம் எந்த வேலையைத் தள்ளியது என்ற ப்ரோக்ராமும் பொறியியலாளரிடமிருந்துதான் வர வேண்டும். அவை இல்லாத க்ளெய்மைக் கியூ.எஸ். எவ்வளவு நன்றாக எழுதினாலும் நிற்காது.

இப்போது அதே பைல் வடிவமைப்பாளரின் மேசையில். மண்ணியலில் மாஸ்டர்ஸ் செய்தவர் முதலில் கேட்பது, இறங்கியது உண்மையில் பாறைக்குள்ளா என்று. கோர் எடுத்த நீளம், ஆர்.கியூ.டி., துளைக்கும் வேகம் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பார். வேகம் குறைந்தது என்பதற்காக மட்டும் நிறுத்தினால், சிதைந்த படைக்கு மேல் கிடக்கும் கடின அடுக்கில் பைல் நின்றுவிடலாம். பிறகு அவர் 3 மீட்டர் என்ற எண்ணையே தொடுவார். 800 மில்லிமீட்டர் பைலின் சுற்றுப்பரப்பு மீட்டருக்கு 2.5 சதுரமீட்டர். பாறையின் பக்க உராய்வை 300 கிலோபாஸ்கல் என்று எடுத்து 3 மீட்டர் போட்டிருந்தார்கள் என்றால், பாரச் சோதனையில் அளவுகருவி வைத்து அதை 500 என்று நிரூபித்தால் 1.8 மீட்டரே போதும். அதை 2 மீட்டர் என்று வைத்தாலும் 96 பைலில் 96 மீட்டர் பாறைத் துளைப்பு மிச்சம். மீட்டருக்கு நான்கு மணிநேரம் என்றால், பத்து மணிநேர வேலை நாளில் ஒரு ரிக்குக்கு 38 நாள்.

க்ளெய்ம் மீட்டது 20 நாள், கணக்கு மிச்சம் பிடித்தது 38 நாள். எண்ணை மட்டும் பார்த்தால் மாஸ்டர்ஸே வெல்கிறது. ஆனால் அந்த 38 நாளைக் கொடுக்கும் அதிகாரம் சைட் பொறியியலாளரிடம் இல்லை. வரைபடத்தில் 3 மீட்டர் என்றால் அவர் 3 மீட்டர்தான் இறக்க வேண்டும். மாஸ்டர்ஸ் முடித்தவரானாலும் அவர் செய்யக்கூடியது கன்சல்டன்டுக்கு ஒரு கேள்வி அனுப்புவது மட்டும். கணக்கில் கையொப்பமிடும் நாற்காலி கன்சல்டன்டின் வடிவமைப்பு அலுவலகத்திலோ, வடிவமைத்துக் கட்டும் ஒப்பந்தம் எடுத்த பைலிங் நிறுவனத்திலோதான் இருக்கிறது. மாஸ்டர்ஸ் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இருப்பவரை உயர்த்தும். தூரத்தில் இருப்பவரை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்காது.

ஐந்து வருட சைட் அனுபவத்தோடு வடிவமைப்பு அலுவலகத்துக்குப் போனால் அங்கே அந்த ஐந்து வருடம் முழுதாக எண்ணப்படுவதில்லை. வரைகணக்கு அனுபவம் பூச்சியம் என்பதால் இளையவர்களோடு தொடங்க வேண்டிவரும், சம்பளமும் அதற்கேற்பத்தான். மாஸ்டர்ஸ் முடித்துவிட்டுப் பழைய சைட்டுக்கே திரும்பினால் வேறு நட்டம். யூரோகோட் கணக்கும் கணினி மாதிரியும் இரண்டு வருடம் கை படாமல் கிடந்தால் மறந்துபோகும்.

இதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. கடந்த ஆறு மாதத்தில் உங்கள் கணக்கால் எத்தனை வரைபடம் மாறியது? ஒன்றிரண்டாவது இருந்தால் மாஸ்டர்ஸ் பலன் தரும் இடத்தில் இருக்கிறீர்கள். ஒன்றுமே இல்லாமல், அதே ஆறு மாதத்தில் உங்கள் டயரியும் ப்ரோக்ராமும் பில்லுக்கும் கடிதத்துக்கும் போயிருந்தால், உங்கள் மதிப்பு ஒப்பந்தப் பக்கம் ஏறிக்கொண்டிருக்கிறது.

2022-இல் ரூபாய் சரிந்து சீமெந்தும் கம்பியும் விலை ஏறியபோது இந்தப் பக்கத்தின் பெறுமதி வெளியே தெரிந்தது. பல சைட்கள் நின்றன. நின்ற சைட்டிலும் விலை ஏற்றக் கணக்கு, நிறுத்தி வைத்த காலத்துச் செலவு, பிந்திய கொடுப்பனவுக்கு வட்டி என்று வேலை இருந்தது. பாறைக் கணக்குத் தெரிந்தவருக்கு, புதுப் பைல் இறங்காத காலத்தில் அப்படி ஒரு வேலை எளிதில் கிடைப்பதில்லை.

ஒப்பந்தப் பக்கம் போக நினைப்பவருக்கு என் ஒழுங்கு இது. முதலில் ஒரு வருடமாவது ப்ளானிங் மேசையில் உட்காருங்கள். ப்ரிமாவெராவில் முதல் ப்ரோக்ராமைக் கட்டி, மாதா மாதம் உண்மை முன்னேற்றத்தை ஏற்றி, தாமதத்தைப் பிரித்துக் காட்டப் பழகுங்கள். அடுத்து ஒரு கட்டடத்தின் மாத பில்லையும் மாற்று வேலைகளையும் தொடக்கத்திலிருந்து இறுதிக் கணக்கு வரை பின்தொடருங்கள். பாதியில் சைட் மாறினால் இறுதிக் கணக்கைப் பார்க்காமலே போய்விடும், கற்க வேண்டியதில் பாதி அதில்தான் இருக்கிறது. கட்டுமான முகாமைத்துவ மாஸ்டர்ஸ் இதற்குப் பிறகு, எட்டாவது வருடமளவில் செய்தால் வகுப்பில் சொல்வது ஒட்டும்.

தொழில்நுட்ப மாஸ்டர்ஸ்தான் சரி என்று நான் சொல்வது மூன்று பேருக்கு. ஏற்கனவே வடிவமைப்பு அலுவலகத்தில் இருப்பவர். பைலிங், போஸ்ட்-டென்ஷன் போன்ற சிறப்பு வேலை எடுத்து, கணக்கையும் தானே தரும் நிறுவனத்தில் இருப்பவர். நாட்டை விட்டுப் போகத் தீர்மானித்து, போகும் நாட்டிலேயே படிப்பவர். மூன்றாமவருக்குப் பலன் பட்டத்தைவிட, படிப்புக்குப் பின் அங்கே வேலை செய்யக் கிடைக்கும் காலத்தில் இருக்கிறது. ஆகவே மேலே சொன்ன கணக்கை அவருக்கு அப்படியே பொருத்த முடியாது.

பகுதிநேரமாகச் சேர்பவர் வருமானக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும். கட்டணத்தோடு இழக்கும் மேலதிக நேரக் காசையும் கூட்டி, முடித்தபின் உறுதியாகக் கிடைக்கும் மாத உயர்வால் வகுக்க வேண்டும். மொத்தச் செலவு 10 லட்சம், உயர்வு 25,000 என்றால் 40 மாதம். உயர்வு எழுத்தில் இல்லாத வாக்குறுதி என்றால் அதைப் பூச்சியமாகவே எடுங்கள். வார இறுதி வகுப்பு சனிக்கிழமைக் கொங்கிரீட்டோடு மோதும். அதற்கு யார் பொறுப்பு நிற்பார் என்பதைச் சேரும் முன்பே ப்ரொஜெக்ட் மனேஜரோடு பேசி முடிக்க வேண்டும்.

மாஸ்டர்ஸின் ஆய்வில்தான் பலர் நின்றுபோகிறார்கள், டிப்ளோமாவோடு வெளியேறுகிறார்கள். தலைப்பை உங்கள் சைட்டின் பைல் சோதனையிலிருந்தே எடுத்தால் தரவு கையில் இருக்கும். ஆனால் உரிமையாளரிடமும் கன்சல்டன்டிடமும் எழுத்து அனுமதியைச் சோதனைப் பைல் வார்க்கும் முன்பே வாங்கிவிடுங்கள். அளவுகருவிகள் கம்பிக் கூட்டோடு கட்டப்பட்டுத்தான் உள்ளே இறங்கும், கொங்கிரீட் போட்டபின் அவற்றை வைக்க வழியில்லை.