சவுண்ட்பார்ல சத்தமே வரலையா? ஆப்டிகல் vs ஆர்க், எதுல எங்க மாட்டிக்கும்

சவுண்ட்பார் மாட்டினதும் சத்தம் வரலைன்னா எல்லாரும் முதல்ல திட்டுறது கேபிளைத்தான். நானும் அப்படித்தான் திட்டினேன், ஆனா கேபிள் மேல ஒரு தப்பும் இல்ல.

என்னோடது ரெண்டே சேனல் சவுண்ட்பார், முதல்ல ஆப்டிகல்லதான், அதாவது சத்தத்தை வெளிச்சமா அனுப்புற கேபிள்லதான் போட்டேன். நியூஸ் சேனல் வச்சா நல்லா பேசுது, ஓடிடி ஆப்ல ட்ரெய்லர் வரைக்கும் சத்தம் வருது, படம் ஆரம்பிச்ச அடுத்த செகண்ட் கப்சிப். கேபிளைக் கழட்டி நுனியைப் பார்த்தா சிவப்பா லைட் எரியுது, அப்போ டிவி அனுப்பிட்டுதான் இருக்கு. (புதுசா மாட்டுறவங்க நுனியில இருக்குற குட்டி கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடியை எடுத்துட்டீங்களான்னு பாத்துக்கோங்க, அதோடயே அமுக்குறவங்க நெறைய பேர்.)

விஷயம் எங்க இருந்துச்சுன்னா டிவியோட சவுண்ட் செட்டிங்ல, டிஜிட்டல் அவுட்புட் ஃபார்மட்னு ஒண்ணு இருக்கும், அது Auto-ல இருந்துச்சு. நியூஸ், ட்ரெய்லர் எல்லாம் சாதா ஸ்டீரியோ, படம் மட்டும் டால்பி 5.1. டிவி அதைப் பிரிக்காம மூட்டையா அப்படியே தள்ளி விடுது, என் பார்ல அந்த மூட்டையை அவிழ்க்குற டீகோடர் கிடையாது, அதான் ஊமையாயிடுச்சு. PCM-னு மாத்தினேன், படம் ஓடிட்டு இருக்கும்போதே சத்தம் வந்துடுச்சு. PCM-னா டிவியே அவிழ்த்து ரெண்டு சேனலா கொடுத்துடும், எந்த பாரும் அதை வாசிக்கும்.

ரெண்டு இணைப்புக்கும் உண்மையான வித்தியாசமே இங்கதான். ஆப்டிகல்ல வெளிச்சம் டிவில இருந்து பாருக்கு மட்டும்தான் போகும், திரும்பி வர வழியே இல்ல. அதனால "உனக்கு டால்பி புரியுமா"ன்னு டிவியால கேக்கவே முடியாது, Auto-னு வச்சாலும் அது குருட்டு யூகம்தான். ஆர்க்னா எச்டிஎம்ஐ கேபிள் வழியாவே டிவி சத்தத்தை பாருக்கு அனுப்புறது, அதுல ரெண்டு பெட்டியும் பேசிக்கும், பார் தனக்கு என்னென்ன தெரியும்னு சொல்லும், டிவி அதுக்கு ஏத்த மாதிரி அனுப்பும். அதனால ஃபார்மட் தகராறு ஆர்க்ல கம்மி.

ஆனா ஆர்க்ல வேற வம்பு இருக்கு. டிவில மூணு எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தாலும் பொதுவா ஒண்ணுலதான் ARC இல்ல eARC-னு எழுதியிருக்கும், சத்தம் திரும்பி வர்றது அந்த ஓட்டைலதான். பார் பக்கமும் அப்படித்தான், அதுல உள்ளே வாங்குற ஓட்டை தனியா இருக்கும், நீங்க குத்த வேண்டியது OUT, இல்ல ARC-னு போட்டிருக்கிறதுல. இதுல நான் ஏமாந்த இடம் என்னன்னா, ரிமோட்ல வால்யூம் அமுக்கினா பார்ல நம்பர் ஏறுது இறங்குது, ஆனா சத்தம் இல்ல. ரிமோட் சிக்னல் போற சிஇசி கம்பி எல்லா எச்டிஎம்ஐ ஓட்டைலயும் இருக்கும், சத்தம் போற கம்பி வேற, அது ஆர்க் ஓட்டைல மட்டும்தான் வேலை செய்யும். அதனால வால்யூம் வேலை செய்யுதேன்னு ஓட்டை சரியாத்தான் இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க, நான் அதுலயே அரை நாளை விட்டேன். சாதா ஆர்க்குக்கு டிவி செட்டிங்ல சிஇசியும் ஆன்ல இருக்கணும், ஒவ்வொரு கம்பெனியும் அதுக்கு ஒரு பட்டப்பேர் வச்சிருக்கு, Anynet+, SimpLink, BRAVIA Sync எல்லாமே அதே சங்கதிதான்.

எல்லாம் சரியா இருந்தும் ஒரு நாள் திடீர்னு சத்தம் போச்சுன்னா ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திட்டாங்கன்னு அர்த்தம். ரிமோட்ல ஆஃப் பண்ணா பத்தாது, ரெண்டு பிளக்கையும் சுவர்ல இருந்து பிடுங்கி ஒரு நிமிஷம் விட்டு மாட்டுங்க. ஆப்டிகல்ல இந்த ஊடல் கூடல் எல்லாம் கிடையாது.

தரம்னு பார்த்தா, ரெண்டு சேனல் பாரா இருந்தா ரெண்டுலயும் போறது அதே PCM தான், காதுக்கு வித்தியாசம் தெரியும்னு சொல்றவங்களை நான் நம்பமாட்டேன். தலைக்கு மேல இருந்தும் சத்தம் வர்ற மாதிரி காட்டுற டால்பி அட்மாஸ் பாரா இருந்தா பேச்சே வேண்டாம், ஆப்டிகல்ல டால்பி 5.1 தாண்டி ஏறாது, ஆர்க்தான் வழி. இஆர்க் இன்னும் அகலமான பாதை, சுருக்காத ஆடியோ வேணும்னா அது தேவை, ஓடிடி மட்டும் பாக்குறவங்களுக்கு ஆர்க்கே போதும்.

நான் இப்போ தினசரிக்கு ஆர்க்லதான் ஓட்டுறேன், ஒரே ரிமோட்ல முடியுதுங்குற ஒரே காரணத்துக்காக. ஆப்டிகல் கேபிளை டிவி பின்னாடியே விட்டுவச்சிருக்கேன், ஆர்க் மக்கர் பண்ணா அதை குத்தி PCM வச்சுப் பார்ப்பேன், அதுல சத்தம் வந்துச்சுன்னா பார் நல்லாத்தான் இருக்கு, கோளாறு எச்டிஎம்ஐ பக்கம். டிடிஎஸ்னு டால்பி மாதிரியே இன்னொரு ஃபார்மட் இருக்கு, பென்டிரைவ்ல இருக்குற டிடிஎஸ் படம் மட்டும் PCM வச்சும் ஊமையா ஓடுச்சுன்னா பாரைக் குறை சொல்லாதீங்க, அந்த டிவிக்கே டிடிஎஸ் அவிழ்க்கத் தெரியாம இருக்கலாம், டிவி ஸ்பீக்கர்ல போட்டுப் பாருங்க, அதுலயும் வராது.