மண்ணடிக் கடையில் கணக்கு மென்பொருள்: நான் எழுதிய முன்மொழிவும் அதில் விட்டுப்போனதும்

நாங்கள் குழாய், ஃபிட்டிங்ஸ் மொத்த வியாபாரம். ஆபீஸ் மண்ணடியில், குடோன் சாத்தாங்காட்டில். சுமார் அறுபது பேர் வேலை செய்கிறோம். 2022 நவம்பரில், கணக்கு மென்பொருளுக்கு மாறலாம் என்று நான்கு பக்கத்தில் முதலாளிக்கு ஒரு முன்மொழிவு கொடுத்தேன். 2023 ஏப்ரல் 1 முதல் அதில்தான் கணக்கு ஓடுகிறது.

அவரைச் சம்மதிக்க வைக்கச் சிரமமே இல்லை. ஆண்டு விற்பனை 10 கோடிக்கு மேல் போனவர்களுக்கு ஒவ்வொரு பில்லையும் அரசு போர்ட்டலில் பதிகிற இ-இன்வாய்ஸ் அந்த அக்டோபரிலேயே கட்டாயமாகிவிட்டது. பழைய புரோகிராமில் பில் போட்டு, அதையே போர்ட்டலில் மறுபடி அடித்துக்கொண்டிருந்தோம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்பதால், யார் எப்போது எந்தப் பதிவைத் திருத்தினார் என்று தானாகவே பதிந்துவைக்கும் மென்பொருள்தான் வேண்டும் என்று ஏப்ரலிலிருந்து இன்னொரு விதியும் வரவிருந்தது. ஆடிட்டரும் தலையாட்டினார். சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

செலவுக் கணக்கில்தான் கோட்டை விட்டேன். உரிமம், வருடப் புதுப்பிப்பு, இரண்டு கம்ப்யூட்டர், குடோனுக்கு நெட் லைன் எல்லாம் எழுதியிருந்தேன். பழைய பாக்கிகளைப் புதுக் கணக்குக்குக் கொண்டுபோவதற்கு 'மூன்று நாள்' என்று ஒரே வரி. அதற்கு ஏழு வாரம் ஆனது. ஓவர்டைமாகக் கொடுத்தது உரிமத்தின் விலையைத் தாண்டிவிட்டது.

ஏன் என்று ஒரு பார்ட்டியை வைத்தே சொல்கிறேன். எங்கள் லெட்ஜரில் அவர் பாக்கி 3,42,880 ரூபாய். பழைய முறையில் இந்த ஒரு தொகை போதும். புதியதில் பில் வாரியாக ஏற்ற வேண்டும்; இல்லாவிட்டால் எந்த பில் எத்தனை நாளாக நிற்கிறது என்று அது காட்டாது. அவரிடம் கேட்டால் தர வேண்டியது 3,24,000தான் என்கிறார். 18,880 உதைக்கிறது. வவுச்சர் கட்டையெல்லாம் புரட்டியும் கிடைக்கவில்லை.

கிடைத்தது எங்கள் கணக்கு அண்ணனின் நோட்டில். இருபத்தெட்டு வருடமாக எங்களிடம் கணக்கு எழுதுகிறவர். 2021 டிசம்பர் பக்கத்தில் பென்சிலால், 'எல்போ மரை சரியில்லை, திரும்பி வந்தது, கழித்துக்கொள்ளச் சொன்னேன்' என்று இருந்தது. சரக்கு 16,000, அதற்கு 18 சதவீத வரி 2,880. பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் கிரெடிட் நோட் போடவே இல்லை. வரியைக் குறைத்துக்கொள்ள 2022 நவம்பர் 30-க்குள் போட்டிருக்க வேண்டும். தேதி போய்விட்டதால் வரியைத் தொடாமல் 18,880-க்கும் கிரெடிட் நோட் கொடுத்தோம். 2,880 எங்கள் கையைக் கடித்தது. இப்படி இன்னும் முப்பத்தொரு பார்ட்டிகள்.

அண்ணன் மென்பொருளை எதிர்த்ததற்கு வயதுதான் காரணம் என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். பயிற்சி கொடுக்க வந்தவர் இரண்டு நாள் படம் போட்டுக் காட்டினார். முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் அண்ணன்தான். வீட்டுக்குப் போகும் வழியில் ஒருநாள் கேட்டார்: “தம்பி, நான் திருத்தினா என் பேர் வரும்ல? அப்ப பழசுல விட்டதுக்கெல்லாம் என்னைக் கேப்பாங்கல்ல?” பயம் அதுதான். முதலாளியிடம் பேசி, 2023 மார்ச் 31-க்கு முந்தைய வித்தியாசத்துக்கு யாரையும் கேட்பதில்லை என்று எழுதி வாங்கினேன். அடுத்த வாரமே அலமாரியிலிருந்து இன்னும் ஆறு நோட்டுகள் வெளியே வந்தன. முன்மொழிவிலேயே அந்த வரி இருந்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

பில் போடும் பையன்களின் பிரச்சனை வேறு. மூன்று பேரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைந்தார்கள். ஒருவன் விலையை மாற்ற, பதிவில் இன்னொருவன் பேர் நின்று, சண்டையாகிவிட்டது. ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்த பிறகு சரியானது. பயிற்சியையும் மாற்றினோம்: படம் வேண்டாம், அன்றைக்கு வந்த இருபது பில்லைப் பழையதிலும் புதியதிலும் போட்டு, மாலை ஆறு மணிக்கு மொத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மாதம் அலுக்காமல் செய்தோம். அவர்கள் கற்றுக்கொண்டது அதில்தான்.

இப்போது சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியலான 2பி 14-ம் தேதி வந்ததும் எந்தச் சப்ளையர் பில் ஏற்றவில்லை என்று அன்றைக்கே தெரிகிறது. உடனே போன் போட்டுத் துரத்த முடிகிறது. குறையும் உண்டு. குடோனில் நெட் போனால் இன்றைக்கும் கைச்சீட்டுதான், லோடு நிற்காதே. யார் திருத்தினார் என்று பதிவில் வரும், ஏன் என்று வராது. அதனால் குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டால் மறுநாள் அண்ணன் கூப்பிட்டுக் கேட்பார். நோட்டை அவர் இன்னும் விடவில்லை. 'வெள்ளிக்கிழமை தரேன்னான்' என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை.