மணற்பாங்கான நிலத்தில் குழாய்க்கிணறு: 2,40,000 போனது, ஏமாறாதீர்கள்

மோட்டாரை மேலே தூக்கிப் பார்த்துவிட்டு வந்த கையோடு இதை எழுதுகிறேன். கிணறு தோண்டி 19 நாள்தான் ஆகிறது, அதற்குள் நீர்மூழ்கி மோட்டாரின் இம்பெல்லர்கள் மணலில் தேய்ந்து கூர்மழுங்கிப் போய்விட்டன. துளையிட்டது, கேசிங், ஃபில்டர் குழாய், ஜல்லி எல்லாம் சேர்த்து நான் கொடுத்த தொகை 2,40,000. மோட்டாரின் விலை அதில் சேரவில்லை.

துளையிடும் ஒப்பந்ததாரர் ஒருவரை நம்பித்தான் கொடுத்தேன். 44 மீட்டர் ஆழத்தைத் தாண்டியதும், துளையிலிருந்து வெளிவரும் சேற்றுநீர் ஓடும் வாய்க்காலிலிருந்து ஒரு கை மணலை அள்ளி, விரல்களுக்கிடையே தேய்த்துக் காட்டி, "நல்ல பருமணல், 1.5 மில்லி அகலத்துக்கு ஸ்லாட் வெட்டிய ஃபில்டர் குழாயைத் தாராளமாகப் போடலாம், தண்ணீர் கொட்டும்" என்றார். முப்பது வருட அனுபவம் பேசுகிறது என்று நினைத்து, அந்த இடத்தில்தான் நான் தலையாட்டினேன். வாய்க்காலில் ஓடும்போது நுண்மணல் நீரோடு போய்விடும், பருத்த மணிகள் மட்டுமே அடியில் தங்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நல்லவேளையாக, ஒவ்வொரு 3 மீட்டருக்கும் வெளிவந்த சேற்றுநீரை வாளியில் பிடித்துத் தெளியவைத்து, அடியில் படிந்ததைப் பைகளில் கட்டி வைத்திருந்தேன். கிணறு கெட்ட பிறகு, அவற்றை ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் சலிக்கக் கொடுத்தேன். ஃபில்டர் நிற்கும் 38 முதல் 56 மீட்டர் வரையிலான பகுதியில், 44க்கும் 50க்கும் இடைப்பட்ட அடுக்கே மிக நுண்ணியது. அதில் எடையில் பாதி 0.25 மில்லிமீட்டரை விடச் சிறியதாக இருந்தது.

இனி கணக்கைப் பாருங்கள். ஃபில்டரைச் சுற்றிப் போடும் ஜல்லியின் நடு அளவு, அங்குள்ள மிக நுண்ணிய அடுக்கின் நடு அளவைப் போல 4 முதல் 6 மடங்கு இருக்கவேண்டும். அதாவது எனக்குத் தேவைப்பட்டது 1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை உள்ள, உருண்டையான, கழுவிய குவார்ட்ஸ் மணிகள். அந்த மணிகளில் 90 விழுக்காட்டையாவது வெளியே தடுத்து நிறுத்தும் அளவுக்கு, ஏறக்குறைய 0.75 மில்லிமீட்டர் ஸ்லாட் போதும். மணலைத் தடுப்பது ஜல்லி. ஜல்லியைத் தடுப்பதுதான் ஸ்லாட்டின் வேலை. அவர் கொட்டியதோ 6 முதல் 10 மில்லிமீட்டர் உடைகல், தேவையைப் போல ஆறேழு மடங்கு பருமன். அந்தக் கற்களின் இடுக்குகளிலேயே 0.25 மில்லிமீட்டர் மணல் தடையின்றி நுழைந்துவிடும் என்பதால், ஸ்லாட்டைச் சிறிதாக்கியிருந்தாலும் இந்தக் கிணறு பிழைத்திருக்காது.

துளையின் அகலத்திலும் ஏமாற்றினார். வெளிவிட்டம் 165 மில்லிமீட்டர் உள்ள கேசிங்கை 250 மில்லிமீட்டர் துளைக்குள் இறக்கினால், சுற்றிலும் 42 மில்லிமீட்டர் இடைவெளிதான் மிஞ்சும். குறைந்தது 75 வேண்டும். குழாயை நடுவில் நிறுத்தும் சென்ட்ரலைசரும் மாட்டாததால், அது ஒரு பக்கம் சாய்ந்து மண்சுவரைத் தொட்டிருந்தால் அங்கே ஜல்லியே இருந்திருக்காது. கல்லையும் மேலிருந்து மண்வாரியால்தான் கொட்டினார், அடிவரை குழாய் விட்டு இறக்கவில்லை.

முதல் வாரம் கேட்டபோது, "புதுக்கிணறு அப்படித்தான், பத்து நாளில் தெளிந்துவிடும்" என்றார். தெளியும் கிணற்றில் மோட்டார் ஓட ஓட வாளியின் அடியில் தங்கும் மணல் குறைந்துகொண்டே வரும்; எனக்கோ ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் அதே அளவு படிந்தது. இரண்டாவது முறை, மோட்டாரை நான் அதிக ஆழத்தில் இறக்கிவிட்டதாகப் பழியைத் திருப்பினார். மூன்றாவது முறை, "ஜல்லி இறங்கியிருக்கும், மேலே கொட்டிக்கொள்ளுங்கள்" என்றார். உண்மையில் மேல்மட்டம் 2 மீட்டர் கீழே போயிருந்தது. வெளியேறிய மணலின் இடத்துக்குத்தான் கல் இறங்கியிருக்கிறது என்று சொன்னதும் தொடர்பைத் துண்டித்தார், அதன்பிறகு எடுக்கவே இல்லை. 2,40,000 வாங்கியவருக்கு நேரில் வந்து ஒரு வாளி தண்ணீரைப் பார்க்க நேரமில்லை.

உள்ளே சிறிய ஃபில்டர் குழாய் ஒன்றை இறக்கிப் பார்க்கலாம், ஆனால் தண்ணீர் வெகுவாகக் குறையும். கேசிங்கை உருவி எடுக்கவும் வழியில்லை. எனவே 2,40,000 மண்ணுக்குள்தான்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. மாதிரியைச் சலித்த முடிவு கைக்கு வரும்முன் ஃபில்டர் குழாய் வாங்காதீர்கள். லாரியில் வரும் ஜல்லியை நீங்களே ஒரு சல்லடையில் போட்டுப் பாருங்கள், உடைகல்லாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். துளையின் விட்டத்தை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டி வாளியில் மணல் படியாததைக் கண்ணால் பார்க்கும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். நான் குழாய் இறங்கிய அன்றே முழுவதையும் கொடுத்துவிட்டேன்.